வல்லவனுக்குப் □□□ம் ஆயுதம்: மூன்று விடைகள் வந்துள்ளன, எதை ஏற்பது?

உப்புவெளி வாசகி

எங்கள் வாசிகசாலையில் வெள்ளிக்கிழமை மாலைகளில் தரம் 6 முதல் 8 வரையான பிள்ளைகளுக்குப் பழமொழிப் புதிர் நடத்துகிறோம். ஒரு பழமொழியிலிருந்து சில எழுத்துகளை எடுத்துவிட்டு, ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம் என்ற கணக்கில் பலகையில் எழுதுவேன். உயிர்மெய்க்கு ஒரு கட்டம், புள்ளி வைத்த எழுத்துக்கும் ஒரு கட்டம். சென்ற வாரம் கொடுத்த புதிர் இது:

வல்லவனுக்குப் □□□ம் ஆயுதம்

நான் எதிர்பார்த்தது “புல்லும்” என்ற விடையை. பெரும்பாலான பிள்ளைகள் அதையே எழுதினார்கள். ஆனால் ஒரு பெண் பிள்ளை “பல்லும்” என்று எழுதியிருந்தாள், ஒரு பையன் “பொல்லும்” என்று எழுதியிருந்தான். இரண்டும் கட்டங்களில் சரியாகப் பொருந்துகின்றன, வாசித்துப் பார்த்தால் ஓசையும் இடறவில்லை. பிழை என்று கோடு போட எனக்கு மனம் வரவில்லை. இந்தப் பிள்ளைகள் பழமொழியை அறியாதவர்கள் என்பது உண்மை, ஆனால் அறியாமலே ஓசையைப் பிடித்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள். புள்ளி கொடுப்பதா, வேண்டாமா? அல்லது புதிரையே நான் வேறு விதமாக அமைத்திருக்க வேண்டுமா?

நகர்வாசி

இதில் விவாதிக்க எதுவும் இல்லை என்பதே என் கருத்து. பழமொழி என்பது வழிவழியாக வந்த வாக்கியம், அதில் உள்ள சொல் “புல்லும்” மட்டுமே. வேறு சொல் எவ்வளவு பொருந்தினாலும் அது பழமொழி ஆகாது. தவிரவும் எதுகையைப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும். “வல்ல” என்பதற்கு “புல்லு” எதுகை, இரண்டாம் எழுத்து ஒன்றுகிறது. எதுகை தெரிந்த பிள்ளை தவறு செய்யாது.

உப்புவெளி வாசகி

ஆனால், ஐயா, “பல்லு”, “பொல்லு” ஆகிய இரண்டுக்கும் அதே எதுகை இருக்கிறதே. இரண்டாம் எழுத்து மூன்றிலும் “ல்” தான். எதுகை தெரிந்ததனால்தான் அந்தப் பிள்ளைகள் அப்படி எழுதினார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

தம்பலகாமம் தமிழாசிரியர்

வாசகி அக்கா சொல்வது சரி. எதுகை விடையைத் தராது, விடை இருக்கக்கூடிய இடத்தை மட்டும் சுருக்கித் தரும். எவ்வளவு சுருக்குகிறது என்பதை இந்தப் புதிரிலேயே படிப்படியாகப் பார்ப்போம். புதிர் அமைப்பவருக்கு இந்தக் கணக்கு தெரிந்திருப்பது நல்லது.

முதலில் பார்க்க வேண்டியது கட்டங்களை அல்ல, கட்டங்களுக்கு முன்னால் நிற்கும் “ப்” என்ற ஒற்றை. “வல்லவனுக்கு” என்பது நான்காம் வேற்றுமை. அதன் பின் வல்லினத்தில் தொடங்கும் சொல் வந்தால் அதே ஒற்று மிகும். இங்கே “ப்” மிகுந்திருப்பதால் விடுபட்ட சொல் ப வரிசையில் தொடங்குகிறது என்பது உறுதியாகிவிடுகிறது. பழமொழியைக் கேட்டே இராதவனும் இதைக் கண்டுபிடிக்கலாம். பல பிள்ளைகள் இந்த ஒற்றைக் கவனிக்காமலேயே ஓசையால் அதே இடத்துக்கு வந்து சேர்வார்கள். வாய்விட்டு வாசிக்கும்போது “வல்லவனுக்குப்” என்று உதடு மூடி நின்றுவிடுகிறது, அடுத்த சொல் அங்கிருந்துதான் தொடங்க முடியும்.

அடுத்தது எதுகை. நகர்வாசி சொன்னதில் பாதி சரி. இரண்டாம் எழுத்து ஒன்றுவது மட்டும் எதுகை அல்ல. முதல் எழுத்துகள் அளவில் ஒத்திருக்கவும் வேண்டும், அதாவது குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். “வ” குறில் என்பதால் விடையின் முதல் எழுத்தும் குறிலாக வேண்டும். ப வரிசையின் பன்னிரண்டு எழுத்துகளில் குறில் ஐந்துதான்: ப, பி, பு, பெ, பொ. அவற்றுக்குப் பின் “ல்லு” வைத்துப் பாருங்கள். பல்லும், பில்லும், புல்லும், பெல்லும், பொல்லும். “பில்”, “பெல்” இரண்டும் ஆங்கிலத்திலிருந்து அண்மையில் வந்தவை, பழமொழியில் இடம்பெற வழியில்லை. மிஞ்சியவை மூன்று. வாசகி அக்காவின் பலகைக்கு வந்த விடைகளும் இந்த மூன்றுதான். உங்கள் பிள்ளைகள் ஓசை தரக்கூடிய அனைத்தையும் பெற்றுவிட்டார்கள். அதற்கு மேல் ஓசையிடம் கேட்பதற்கு ஒன்றுமில்லை.

மூதூர் இளையவன்

ஆசிரியர் ஐயாவின் விளக்கம் நன்றாக இருக்கிறது, ஆனால் இதை இன்னும் எளிதாகத் தீர்க்கலாம் என்று நினைக்கிறேன். நான் இத்தகைய புதிர்களைக் கைத்தொலைபேசியில் விளையாடும்படி சிறிய நிரல் ஒன்று எழுதிவருகிறேன். கணினிக்குள் “புல்லும்” என்ற சொல்லின் நீளம் 8, “பல்லும்” என்பதன் நீளம் 7. ஏனென்றால் “பு” என்பது ப என்ற எழுத்தும் உகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள், “ப” ஒரே குறியீடு. கட்டங்களைக் கணினியின் கணக்குப்படி கொடுத்தால் “பல்லும்” தானாகவே விலகிவிடும்.

தம்பலகாமம் தமிழாசிரியர்

தம்பி, விலகுவது சரிதான், ஆனால் அது எழுத்தைப் பார்த்து விலகவில்லை, கணினி எழுத்தைச் சேமிக்கும் முறையைப் பார்த்து விலகுகிறது. பலகையில் பென்சிலோடு நிற்கும் பிள்ளைக்குப் “பு” ஓர் எழுத்து. அதற்கு இரண்டு கட்டம் போட்டால் இரண்டாவது கட்டத்தில் எதை எழுதுவது என்று அது திகைக்கும். மேலும் “பொல்லும்” என்ற விடையை இந்த முறை விலக்காதே.

மூதூர் இளையவன்

உண்மைதான், “பொல்லும்” என்பதற்கும் 8 வருகிறது. ஒகர உயிர்மெய்யைச் சில விசைப்பலகைகள் கொம்பாகவும் காலாகவும் பிரித்து அனுப்புவதனால் சில இடங்களில் 9 ஆகவும் வருகிறது. ஒரே சொல்லுக்கு இரண்டு நீளம் வந்தால் கட்டக் கணக்கே பிழைத்துவிடும். நிரலில் எழுத்துகளை உயிர்மெய்யாகச் சேர்த்து எண்ணும் பகுதியை எழுதிக்கொள்கிறேன். புள்ளியையும் உயிர்க்குறியையும் முன்னால் உள்ள மெய்யோடு ஒட்டிவிட்டால் “புல்லும்” 4, மற்ற இரண்டும் 4.

நிலாவெளி தாய்

“பொல்லும்” என்று எழுதியது என் மகன். அவன் விளையாட்டுக்காக எழுதவில்லை என்பதைச் சொல்லவே எழுதுகிறேன். அவனுடைய தாத்தா மாட்டுப் பட்டிக்குப் போகும்போது கையில் பொல்லு இல்லாமல் வீட்டுப் படலையைத் தாண்டமாட்டார். நாய் வந்தாலும், குழப்படி மாடு திரும்பினாலும், இருட்டில் வரம்பைத் தட்டிப் பார்த்து நடப்பதற்கும் அவருக்கு அது ஒன்றுதான். அதனால் கெட்டிக்காரனுக்குப் பொல்லு இருந்தால் போதும் என்று மகன் விளங்கிக்கொண்டான். தமிழ்நாட்டுப் புத்தகத்தில் பொல்லு என்ற சொல் வராமல் இருக்கலாம், ஆனால் எங்கள் பக்கத்தில் அது எல்லோரும் நாளாந்தம் சொல்லும் சொல். எங்கள் ஊர்ச் சொல்லை எழுதியதற்காகப் பிள்ளைக்குப் புள்ளி குறையக் கூடாது.

நகர்வாசி

அம்மா, ஊர்ச் சொல் என்பதற்காக யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் இப்படி ஒவ்வொருவரும் தம் வீட்டு அனுபவத்தை வைத்து நிரப்பினால் பழமொழி எங்கே மிஞ்சும்?

கந்தளாய் வயல்

வீட்டு அனுபவம் என்றதும் எனக்கு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. இதே போன்ற புதிர் ஒன்று என் மகளின் பயிற்சித்தாளில் வந்தது:

□□ப்பட்டம் தேடி விதை

அவள் என்னிடம் கேட்டாள். நான் விவசாயி, விதைப்பு பற்றி எனக்குத் தெரியாதா? ஆடியில் எங்கள் குளத்துக் காணிகளில் சிறுபோக நெல் கதிர் தள்ளியோ அறுவடைக்கு நெருங்கியோ நிற்கும். அந்த மாதத்தில் யாரும் விதை தேடமாட்டார்கள். பெரும்போக விதைப்பு ஐப்பசி மழையோடுதான். இரண்டு கட்டத்துக்கு ஐப்பசி பொருந்தாது என்பதால் மாசி என்று எழுதச் சொன்னேன், பிழை என்று கோடு போட்டு அனுப்பிவிட்டார்கள். இந்தப் புதிர் எங்கள் மாவட்டத்துக்கு ஒத்துவராத புதிர். அதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்ததே பிழை என்கிறேன்.

தம்பலகாமம் தமிழாசிரியர்

வயல்காரத் தம்பி சொல்லும் விவசாயம் முற்றிலும் சரி. ஆடியில் விதைப்பது தென்மேற்குப் பருவமழையால் பயன்பெறும் தமிழ்நாட்டுப் பகுதிகளின் வழக்கம், வடகீழ்ப் பருவமழையை நம்பியிருக்கும் திருகோணமலைக்கு அது பொருந்தாது. ஆனால் புதிர் கேட்டது “எந்த மாதத்தில் விதைப்பீர்கள்” என்றல்ல, “இந்த வாக்கியத்தில் எந்தச் சொல் நின்றது” என்று. அந்தக் கேள்விக்கு இந்தப் புதிர் உண்மையிலேயே நேர்த்தியாக அமைக்கப்பட்டது. பாருங்கள், இரண்டு எழுத்தில் எழுதப்படும் தமிழ் மாதங்கள் மூன்றுதான்: ஆனி, ஆடி, மாசி. மூன்றும் நெடிலில் தொடங்கி இகரத்தில் முடிகின்றன. பின்னால் மிகும் “ப்” மூன்றுக்கும் ஒத்துவரும். ஆகவே ஒற்றும் உதவாது, எண்ணிக்கையும் உதவாது. தீர்ப்பது “தேடி” ஒன்றுதான். நெடிலுக்கு நெடில், இரண்டாம் எழுத்து “டி”. ஆனியிலும் மாசியிலும் “டி” இல்லை. மகளுக்கு அனுபவத்தைக் கேட்காமல் “தேடி” என்ற சொல்லைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லியிருந்தால் “ஆடி, தேடி” என்று வாயிலேயே வந்திருக்கும்.

இதிலிருந்து புதிர் அமைப்போருக்கு ஒரு செய்தி உண்டு. “ஆடி”யையும் “தேடி”யையும் ஒன்றாக எடுத்துவிட்டால் புதிர் கெட்டுவிடும். எதுகைச் சொற்கள் இரண்டில் ஒன்று முழுதாக நிற்க வேண்டும். இரண்டையும் எடுத்தால் ஓசைக்குப் பிடி இல்லாமல் போய், வயல்காரத் தம்பி செய்ததைப் போல அனுபவத்தால் ஊகிக்க வேண்டிவரும். அப்போது ஐப்பசிக் காரனும் ஆடிக் காரனும் சண்டையிட வேண்டியதுதான்.

கந்தளாய் வயல்

விளக்கம் விளங்குகிறது, ஐயா. இருந்தாலும் வேறு ஊர் விதைப்பைச் சொல்லும் பழமொழி என்று பயிற்சித்தாளில் ஒரு வரி போட்டிருக்கலாம் என்ற மனக்குறை எனக்கு இருக்கத்தான் செய்கிறது. பிள்ளை அதைப் படித்துவிட்டு ஆடியில் ஏன் விதைக்கவில்லை என்று என்னைக் கேட்டாள்.

உப்புவெளி வாசகி

அந்த ஒரு வரியை நான் என் பலகையில் கட்டாயம் சேர்ப்பேன். ஆசிரியர் ஐயாவிடம் இன்னொரு ஐயம். இரண்டு எதுகைச் சொற்களையும் எடுக்கக் கூடாது என்கிறீர்கள். ஆனால் நான் போன மாதம் “பந்திக்கு □□□ படைக்குப் □□□” என்று கொடுத்தேன், எல்லோரும் “முந்து, பிந்து” என்று உடனே எழுதிவிட்டார்கள். இரண்டையும் எடுத்த பின்பும் அது ஏன் தவறவில்லை?

தம்பலகாமம் தமிழாசிரியர்

ஏனென்றால் “பந்தி” என்ற மூன்றாவது எதுகைச் சொல்லை நீங்கள் எடுக்கவில்லை. “ந்” அங்கேயே நிற்கிறது. இந்தப் புதிர் நான் மிகவும் விரும்புவது, காரணம் அதில் ஒற்று இரண்டு விதமாக வேலை செய்கிறது. “படைக்குப்” என்பதில் ஒற்று இருக்கிறது, அதனால் இரண்டாம் விடை ப வரிசை. “பந்திக்கு” என்பதில் ஒற்று இல்லை. அதுவும் நான்காம் வேற்றுமைதான், வல்லினம் வந்திருந்தால் ஒற்று மிகுந்திருக்கும். மிகவில்லை என்பதால் முதல் விடை க, ச, த, ப எதிலும் தொடங்காது. இல்லாத ஒற்றும் ஒரு குறிப்புத்தான்.

ஆனாலும் அந்தப் புதிர் முழுதும் பூட்டப்பட்டதல்ல. “பந்திக்கு வந்து படைக்குப் பிந்து” என்று ஒருவர் எழுதினால் ஒற்றும் எதுகையும் குறிலும் எல்லாம் பொருந்தும். அதை விலக்குவது முந்து, பிந்து என்ற எதிர்ச்சொல் இணை. பிள்ளைகள் “பிந்து” கிடைத்தவுடன் அதன் எதிர்ச்சொல்லுக்குத் தாவினார்கள், அதனால்தான் ஒருவரும் தவறவில்லை. பழமொழிகள் இப்படி இணையிணையாகப் பேசுவது அன்றாடம் கேட்டுப் பழகிய பிள்ளைக்குத் தானாக வரும்.

ஓர் எச்சரிக்கை. ஒற்றைக் குறிப்பாக நம்புவதென்றால் பலகையில் எழுதுபவர் ஒற்றை ஒழுங்காக எழுத வேண்டும். அச்சில் வரும் பயிற்சித்தாள்களில் “வல்லவனுக்கு புல்லும்” என்று ஒற்றை விட்டுவிடுகிறார்கள். அந்தப் படியிலிருந்து புதிர் எடுத்தால், கவனமாக வாசிக்கும் பிள்ளை “ஒற்று இல்லை, ஆகவே வல்லினம் வராது” என்று சரியாகச் சிந்தித்துத் தவறான விடைக்குப் போகும். இது மிக மோசமான நிலை, ஏனென்றால் கவனம் இல்லாத பிள்ளை தப்பித்துக்கொள்ளும்.

மூதூர் இளையவன்

என் நிரலில் உள்ள பழமொழிப் பட்டியலை இப்போதே திறந்து பார்த்தேன். ஒற்று விடுபட்ட வரிகள் நிறையவே இருக்கின்றன. இணையத்திலிருந்து அப்படியே எடுத்த பட்டியல் அது. முதலில் அவற்றைத் திருத்த வேண்டும்.

அதோடு ஒரு கேள்வி. “அரசன் □□□ கொல்லும், தெய்வம் □□□ கொல்லும்” என்பதில் என் தங்கை “அரசன் நின்று, தெய்வம் அன்று” என்று மாற்றி எழுதினாள். இரண்டும் மூன்று எழுத்து, இரண்டுக்கும் “ன்று”. இங்கேயும் ஓசை கைவிட்டுவிடுகிறதா?

தம்பலகாமம் தமிழாசிரியர்

இங்கே ஓசை கைவிடவில்லை, தம்பி. எதுகைதான் கைவிட்டது, மோனை கைகொடுக்கிறது. “அரசன் அன்று” என்பதில் இரண்டு சொல்லும் அகரத்தில் தொடங்குகின்றன. உங்கள் தங்கையை “அரசன் நின்று” என்றும் “அரசன் அன்று” என்றும் மாறி மாறிச் சொல்லச் சொல்லுங்கள், எது வழுக்கிக்கொண்டு வருகிறது என்று அவளே சொல்வாள். பிறகு பொருளையும் கேளுங்கள்: அரசனின் தண்டனை அன்றைக்கே வரும், தெய்வத்தின் தண்டனை ஆறுதலாக வரும். ஓசையும் பொருளும் ஒரே பக்கம் சாய்கின்றன.

நிலாவெளி தாய்

எல்லாம் சரி, ஆனால் என் மகனின் பொல்லுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

தம்பலகாமம் தமிழாசிரியர்

மன்னிக்க வேண்டும், அம்மா, அதற்குத்தான் வருகிறேன். பொல்லு என்ற சொல்லில் எந்தக் குறையும் இல்லை. ஓசையால் பார்த்தால் உங்கள் மகன் முழுப் புள்ளிக்கு உரியவன். விடையை முடிவு செய்வது, வாசகி அக்கா எடுக்காமல் விட்ட “ம்” என்ற எழுத்து. “புல்லும்” என்பதில் உள்ள “உம்” சும்மா சேர்ந்ததல்ல. ஆயுதமாக எவரும் நினைக்காத அற்பமான பொருள்கூட ஆயுதமாகும் என்று இழிவைச் சுட்டி நிற்கும் உம்மை அது. “ஆனைக்கும் அடி சறுக்கும்” என்பதில் அதே உம்மை உயர்வைச் சுட்டுகிறது, அவ்வளவு பெரிய ஆனைக்குக்கூட என்று. ஆகவே கட்டத்தில் வர வேண்டிய பொருள் ஆயுதம் என்ற எண்ணத்துக்கே எட்டாததாக இருக்க வேண்டும். பொல்லு அப்படிப்பட்டதல்ல. உங்கள் மகனின் தாத்தா அதைக் கையில் எடுப்பதே அது ஆயுதம் என்பதனால்தான். வல்லவன் இல்லாதவனுக்கும் பொல்லு ஆயுதம். அப்போது “வல்லவனுக்கு” என்ற சொல் வேலையற்றுப் போகிறது. இதை மகனிடம் சொல்லிப் பாருங்கள், அவன் ஒப்புக்கொள்வான் என்று நினைக்கிறேன்.

நிலாவெளி தாய்

வாசித்துக் காட்டினேன். “அப்படியென்றால் பல்லும் வராதே, நாய்க்குப் பல்லுத்தானே ஆயுதம்” என்று கேட்கிறான்.

நகர்வாசி

பிள்ளை நல்ல கேள்வி கேட்கிறான். பல்லையும் அதே காரணத்தால் விலக்கிவிடலாம்.

உப்புவெளி வாசகி

எனக்கு அது அவ்வளவு தெளிவாக இல்லை. நாய்க்குப் பல் ஆயுதம், ஆனால் பழமொழி பேசுவது மனிதனைப் பற்றி. மனிதன் சண்டைக்குப் போகும்போது பல்லை நம்பிப் போவதில்லை. கை கட்டப்பட்ட நிலையில் பல்லால் கயிற்றைக் கடித்துத் தப்பியவனை வல்லவன் என்று சொல்லமாட்டோமா? “பல்லும்” என்று எழுதிய பிள்ளை இப்படித்தான் காரணம் சொன்னாள். உம்மையின் பொருள் அவளுடைய விடையில் கெடவில்லை.

தம்பலகாமம் தமிழாசிரியர்

அந்த வாதத்துக்கு என்னிடம் முழுமையான மறுப்பு இல்லை, அக்கா. புல் நிலத்தில் கிடப்பது, யாருடைய உடலிலும் இல்லாதது, காற்றுக்கே வளைவது, அதனால் இழிவு அங்கே கூடுதலாகப் பதிகிறது என்று சொல்லலாம். ஆனால் அது “புல் சிறந்தது” என்பதற்கான காரணமே தவிர, “பல் தவறு” என்பதற்கான காரணம் அல்ல. வழக்கில் உள்ள சொல் புல் என்ற ஒன்றைத் தவிர வேறு பிடி இல்லை.

நகர்வாசி

அதைத்தான் நான் தொடக்கத்திலேயே சொன்னேன். வழக்கில் உள்ளதே விடை.

மூதூர் இளையவன்

கட்டத்தை இடம் மாற்றினால் என்ன? “□□□வனுக்குப் புல்லும் ஆயுதம்” என்று கொடுக்கலாமே.

உப்புவெளி வாசகி

அப்படிக் கொடுத்தால் “நல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்” என்று பாதிப் பிள்ளைகள் எழுதிவிடுவார்கள், தம்பி. குறில், “ல்”, “ல” எல்லாம் அதற்கும் பொருந்துகின்றன. ஆயுதம் என்ற சொல் வல்லவனைக் கேட்கிறது என்று சொல்லித் திருத்தலாம், ஆனால் நல்லவனை விலக்கியதற்குப் பிள்ளைகளிடம் விளக்கம் சொல்ல எனக்கு இன்னொரு வெள்ளிக்கிழமை வேண்டும்.

நான் இப்படிச் செய்யப்போகிறேன். புதிரை மாற்றாமல் அப்படியே வைத்து, புள்ளியை இரண்டாகப் பிரிக்கிறேன். ஓசைக்கு ஒரு பகுதி: ப வரிசை, குறில், “ல்லு”. அதை மூன்று விடைகளும் பெறும். பொருளுக்கு ஒரு பகுதி: “உம்” ஏன் வந்தது என்று பிள்ளை ஒரு வாக்கியத்தில் எழுத வேண்டும். “புல்லும்” எழுதிய பிள்ளைக்கும் அந்த வாக்கியம் கட்டாயம், மனப்பாடமாக எழுதியிருந்தால் அந்தப் பகுதி கிடைக்காது. “பல்லும்” எழுதியவள் தன் கயிற்றுக் கதையை எழுதினால் முழுப் புள்ளி கொடுப்பேன்.

நகர்வாசி

பழமொழியில் இல்லாத சொல்லுக்கு முழுப் புள்ளி என்பதை நான் ஏற்கவில்லை. குறைந்தபட்சம் பலகையில் “வழக்கில் உள்ளது புல்லும்” என்று எழுதிவிடுங்கள்.

உப்புவெளி வாசகி

எழுதுகிறேன், ஐயா. ஆடிப்பட்டத்துக்குச் சேர்க்கவுள்ள வரிக்குக் கீழே இதுவும் இருக்கும்.